பதினொரு பெயர்களுக்கு அடியில் ஒரு கூட்டல் கணக்கு

2019 ஜூலை 14, லண்டன் லார்ட்ஸ் மைதானம், உலகக் கோப்பை இறுதி ஆட்டம். நியூசிலாந்து அணியில் யார் அதிக ரன் எடுப்பார் என்று அன்று காலை யாரைக் கேட்டிருந்தாலும் கேன் வில்லியம்சன் பெயர்தான் முதலில் வந்திருக்கும். அந்தத் தொடரில் 578 ரன் குவித்து, தொடர் நாயகன் விருதையும் வாங்கியவர் அவர். ஆனால் அன்றைய இன்னிங்ஸில் அவர் 30 ரன்னில் ஆட்டமிழந்தார். அணியிலேயே அதிகமாக 55 ரன் எடுத்தவர், தொடரின் பிற்பகுதியில்தான் அணிக்குள் வந்த ஹென்றி நிக்கோல்ஸ்.

பந்துவீச்சிலும் இதே கதைதான். நியூசிலாந்தின் பெரிய பெயரான டிரென்ட் போல்ட் 10 ஓவரில் 67 ரன் கொடுத்து ஒரு விக்கெட்டும் எடுக்கவில்லை. லாக்கி ஃபெர்குசனும் ஜிம்மி நீஷமும் தலா 3 விக்கெட் எடுத்தார்கள். இங்கிலாந்துப் பக்கம் கிறிஸ் வோக்ஸும் லியாம் பிளங்கெட்டும் அதே போலத் தலா 3. இரண்டு அணியிலும் முதலிடத்தில் இருவர் இருவராக நின்றார்கள்.

பிரிட்டனில் 2005-ம் ஆண்டு சூதாட்டச் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்ற புக்மேக்கர்கள், ஒவ்வொரு கிரிக்கெட் ஆட்டத்துக்கும் பல வகைப் பந்தயங்களை வைக்கிறார்கள். எந்த அணி ஜெயிக்கும் என்பது அதில் ஒன்று. ‘டாப் பேட்டர்’, ‘டாப் பவுலர்’ என்பவை வேறு இரண்டு. ஒரு அணியில் அதிக ரன் எடுப்பவர் யார், அதிக விக்கெட் எடுப்பவர் யார் என்று ஆட்டத்துக்கு முன்பே சொல்ல வேண்டும். இணையச் சூதாட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2022-ம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் தடுத்தது; 2025-ல் மத்திய அரசும் தனிச் சட்டம் கொண்டுவந்தது. ஆனாலும் வெளிநாட்டுத் தளங்களில் இந்தப் பட்டியல்கள் நம் கைபேசி வரை வந்துவிடுகின்றன. பார்ப்பதற்கு, கிரிக்கெட் தெரிந்தவருக்கு இதைவிட எளிய கேள்வி இல்லை என்று தோன்றும். பந்தயக் கடையின் பங்கை அதிகமாக எடுத்துக்கொள்ளும் பட்டியல்களில் இவை இரண்டும் அடக்கம் என்பது மட்டும் கண்ணுக்குத் தெரியாது.

கூட்டிப் பார்த்தால்

முதலில் எளிய பந்தயத்தை எடுத்துக்கொள்வோம். சம பலமுள்ள இரண்டு அணிகள் மோதுகின்றன. நியாயமாகப் பார்த்தால் இரண்டுக்கும் விலை 2.00 இருக்க வேண்டும். அதாவது 1 பவுண்டு கட்டினால், ஜெயிக்கும்போது கட்டிய பணத்தையும் சேர்த்து 2 பவுண்டு திரும்பி வர வேண்டும். புக்மேக்கர் 1.91 என்று எழுதுகிறார். 100-ஐ 1.91-ஆல் வகுத்தால் 52.4 வரும். இரண்டு அணிக்கும் கூட்டினால் 104.7. நூறுக்கு மேலே இருக்கும் அந்த 4.7-தான் கடையின் மார்ஜின். எந்த அணி ஜெயித்தாலும் 100 பவுண்டு கைக்கு வர வேண்டுமென்று இரண்டு பக்கமும் கட்டினால் 104 பவுண்டு 70 பென்ஸ் செலவாகும் என்பது இதன் பொருள்.

இப்போது ஓர் அணியின் டாப் பேட்டர் பட்டியலைப் பார்ப்போம். விளக்கத்துக்காக நானே போட்ட விலைகள் இவை. தொடக்க ஆட்டக்காரர்கள் இருவருக்கும் 4.00. மூன்றாவதாக வருபவருக்கு 4.50, நான்காமவருக்கு 5.00, ஐந்தாமவருக்கு 8.00, ஆறாமவருக்கு 12.00, ஏழாமவருக்கு 20.00. அதற்குக் கீழே 40, 67, கடைசி இருவருக்கும் தலா 100.

ஒவ்வொரு விலையையும் தனியாகப் பார்த்தால் தாராளமாகத்தான் தெரியும். நல்ல தொடக்க ஆட்டக்காரருக்கு ஒன்றுக்கு நான்கு கிடைக்கிறது. ஒன்றுக்கு நூறு தரக்கூட ஆள் இருக்கிறார். முன்பு செய்தது போலவே, யார் முதலிடம் பிடித்தாலும் 100 பவுண்டு வரும்படி பதினொரு பேர் மீதும் கட்டிப் பார்ப்போம். தொடக்க ஆட்டக்காரர்கள் மீது 25, 25. மூன்றாமவர் மீது 22.20, நான்காமவர் மீது 20, ஐந்தாமவர் மீது 12.50. ஐந்து பேரைத் தாண்டுவதற்குள்ளேயே 104 பவுண்டுக்கு மேல் போய்விட்டது. இன்னும் ஆறு பேர் பாக்கி. எல்லோரையும் முடிக்கும்போது 124 பவுண்டு ஆகிறது.

124 பவுண்டு கட்டி 100 பவுண்டு வாங்கினால், கட்டிய ஒவ்வொரு நூறிலும் சுமார் 19 பவுண்டு கடைக்குப் போகிறது. அணி வெற்றிப் பந்தயத்தில் அதே நூறுக்கு நாலரை பவுண்டுதான் போனது. ஆட்டமும் அணியும் புக்மேக்கரும் ஒன்றேதான், கேள்வி மட்டும் மாறியிருக்கிறது. அதற்கே நான்கு மடங்குக் கட்டணம்.

இரண்டு எண்களைக் கூட்டுவது மனக்கணக்கு. பதினொரு விலைகளை வகுத்துக் கூட்டுவதற்குக் காகிதமும் பேனாவும் வேண்டும். பெரும்பாலோர் தமக்குப் பிடித்த ஆட்டக்காரரின் விலையை மட்டும் பார்க்கிறார்கள். மற்ற பத்துப் பேருக்கு என்ன எழுதியிருக்கிறது என்பது அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. ஒவ்வொரு பெயரிலும் கொஞ்சம் கொஞ்சமாக விலையைக் குறைத்தால் போதும். பெயர்கள் கூடக்கூட அந்தக் குறைப்பும் கூடிக்கொண்டே போகும்.

சுமை எங்கே ஏறுகிறது

இந்த 24 பவுண்டும் எல்லோர் தலையிலும் சமமாக விழுவதில்லை. தொடக்க ஆட்டக்காரர் முதலிடம் பிடிக்க உண்மையில் நூற்றுக்கு 22 வாய்ப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். 4.00 விலையில் அவர் மீது தொடர்ந்து கட்டிவந்தால் நூறு பவுண்டுக்கு நீண்ட கால சராசரியில் 88 பவுண்டு திரும்பும். ஏழாவதாக வருபவருக்கு நூற்றுக்கு இரண்டரை வாய்ப்பு என்றால், 20.00 விலையில் திரும்புவது 50. பத்தாவது ஆட்டக்காரர் ஐந்நூறு இன்னிங்ஸில் ஒரு முறை முதலிடம் பிடிப்பார் என்றால், 100 என்ற அந்தப் பெரிய விலையிலும் திரும்புவது 20 பவுண்டுதான். நியாயமான விலை 500.

வால் பகுதி ஆட்டக்காரருக்கு ஏன் 500 தருவதில்லை? காரணம் 2013-ல் டிரென்ட் பிரிட்ஜில் நடந்த ஆஷஸ் டெஸ்டில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் முதல் இன்னிங்ஸில் பதினொன்றாவதாக இறங்கியவர் ஆஷ்டன் அகர். 19 வயது, முதல் டெஸ்ட், பந்துவீச்சுக்காகச் சேர்க்கப்பட்டவர். ஃபிலிப் ஹியூஸுடன் கடைசி விக்கெட்டுக்கு 163 ரன் சேர்த்து, 98-ல் ஆட்டமிழந்தார். ஹியூஸ் 81 ரன்னில் ஆட்டமிழக்காமல் நின்றார். அந்த இன்னிங்ஸில் அதிக ரன் எடுத்தவர் பதினொன்றாவது ஆட்டக்காரர்! இப்படி ஒன்று எப்போதாவதுதான் நடக்கும். ஆனால் ‘எப்போதாவது’ என்பது முந்நூறில் ஒன்றா, ஆயிரத்தில் ஒன்றா என்று புக்மேக்கருக்கும் துல்லியமாகத் தெரியாது. தெரியாத இடத்தில் பெரிய விலை கொடுப்பது ஆபத்து. அதனால் பாதுகாப்பாக 100-லேயே நிறுத்திக்கொள்கிறார். கொஞ்சம் பணத்துக்குப் பெரிய தொகை வரும் என்ற ஆசையில் அந்த 100-ஐயும் வாங்க ஆள் இருப்பதால் அவருக்கு விலையை உயர்த்தும் கட்டாயமும் இல்லை.

டாஸ் வரை தெரியாதவை

புக்மேக்கரின் பயம் வால் பகுதியோடு முடிவதில்லை. அணி வெற்றியைக் கணிக்க அவரிடம் நிறையத் தகவல் இருக்கிறது. அந்தப் பந்தயத்தில் பெரும் பணம் புரள்வதால், தவறான விலையை எழுதினால் விவரம் தெரிந்தவர்களின் பணம் வந்து குவிந்து உடனே காட்டிக்கொடுத்துவிடும். டாப் பேட்டர், டாப் பவுலர் பந்தயங்களில் புரளும் பணம் குறைவு. பக்கத்துக் கடையைப் பார்த்து விலையைச் சரிசெய்துகொள்ளும் வசதியும் குறைவு. யார் தொடக்கத்தில் இறங்குவார், யாருக்கு விரல் வலி, புதுப் பந்து யார் கையில், கடைசி ஓவர்கள் யாருக்கு என்பவை எல்லாம் அணி அறைக்குள் இருக்கும் விவரங்கள். ஆடும் பதினொருவர் பட்டியல் டாஸின்போதுதான் உறுதியாகிறது. விலையோ அதற்கு முன்பே எழுதப்பட்டுவிடுகிறது.

இதில் உள்ள ஆபத்துக்கு 2005 ஆஷஸ் தொடரைவிட நல்ல சாட்சி கிடைக்காது. லார்ட்ஸில் நடந்த முதல் டெஸ்டில் கிளென் மெக்ராத் 9 விக்கெட் எடுத்திருந்தார். ஆகஸ்ட் 4 காலை, எட்ஜ்பாஸ்டனில் இரண்டாவது டெஸ்ட் தொடங்கும் முன் நடந்த பயிற்சியில், தரையில் கிடந்த ஒரு பந்தின் மீது அவர் கால் வைத்தார். கணுக்கால் பிசகியது. அவர் ஆடவில்லை. இடத்துக்கு வந்தவர் மைக்கேல் காஸ்பரோவிச். இங்கிலாந்தின் முதல் இன்னிங்ஸில் ஷேன் வார்ன் 4 விக்கெட், காஸ்பரோவிச் 3.

ஆடாதவர் மீது கட்டிய பணத்தைத் திருப்பித் தருவதுதான் பொதுவான விதி. அவர் மீது கட்டியவருக்கு நஷ்டமில்லை. ஆனால் மற்றவர்களின் விலைகள், அவரும் ஆடுவார் என்று நினைத்து எழுதியவை. நம் பட்டியலையே எடுத்துக்கொள்ளுங்கள். 124-ல் ஒரு தொடக்க ஆட்டக்காரர் விலகினால் அவருடைய 25 போய்விடும். மீதிப் பத்துப் பேரின் கூட்டல் 99! நேற்றிரவு கட்டியவர்களின் கையில் இருப்பது நூறுக்கும் குறைவான பட்டியல். மாற்று ஆட்டக்காரரின் பங்கு சேர்ந்தால்தான் அது நூறைத் தாண்டும்.

குதிரைப் பந்தயத்தில் இதற்கு மருந்து உண்டு. ஒரு குதிரை கடைசி நேரத்தில் விலகினால், மற்ற குதிரைகளில் ஜெயித்தவர்களின் தொகையிலிருந்து ஒரு பங்கைக் கழித்துக்கொள்ள ‘ரூல் 4’ என்ற விதி பிரிட்டனில் இருக்கிறது. டாப் பேட்டர் பந்தயத்தில் பொதுவாக அப்படிக் கழிப்பதில்லை. பின்னால் கழிக்க முடியாததை முன்னாலேயே விலையில் ஏற்றிவைக்கிறார்கள். கனமான மார்ஜினில் ஒரு பகுதி இதற்கான காப்புத் தொகை.

இன்னொரு பகுதி, தன்னைவிட விவரம் தெரிந்தவர் யாராவது எதிரே நிற்கிறாரோ என்ற பயத்துக்கு. அந்தப் பயம் கற்பனை அல்ல. வங்கதேசத்தின் ஷகிப் அல் ஹசன் 2019 அக்டோபரில் தடை செய்யப்பட்டது, அணித் தகவல் கேட்டு ஒருவர் தன்னை அணுகியதை ஐ.சி.சி.யிடம் தெரிவிக்காததற்காக. அப்படி வந்த செய்திகளில் ஒன்று, குறிப்பிட்ட ஓர் ஆட்டக்காரர் அன்றைய ஆட்டத்தில் ஆடுகிறாரா என்ற கேள்வி. கேட்க மிகச் சாதாரணம். ஆனால் டாஸுக்கு முன்பு அந்த ஒரு விவரம் தெரிந்தால், 124 எப்படி 99 ஆகிறது என்பதை இப்போதுதான் பார்த்தோம். இதனால்தான் இந்தப் பட்டியல்களில் ஒருவர் கட்டக்கூடிய தொகைக்கும் வரம்பு குறைவாக இருக்கிறது.

ஆக, புக்மேக்கருக்குத் தெரியாதவற்றுக்கெல்லாம் ஒரு விலை இருக்கிறது. அதைக் கொடுப்பவரோ புக்மேக்கரைவிடக் குறைவாகத் தெரிந்தவர். டாப் பேட்டர் பட்டியல் வீட்டில் உட்கார்ந்து பார்க்கும் ரசிகருக்கு அதிக விலை வைப்பது இந்த இடத்தில்தான்.

விக்கெட் என்ற சின்ன எண்

டாப் பவுலர் பட்டியலில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. ரன்கள் பெரிய எண்கள். ஒருவர் 55, இன்னொருவர் 47 என்று விலகி நிற்கும், சமமாவது அரிது. விக்கெட்டுகளோ 0, 1, 2, 3 என்ற சின்ன எண்கள். ஐந்தாறு பந்துவீச்சாளர்கள் பத்து விக்கெட்டுக்குள் பங்கு போட்டுக்கொள்ளும்போது முதலிடத்தில் இருவர், சில சமயம் மூவர் சமமாக நிற்பது சகஜம். 20 ஓவர் ஆட்டத்தில் தலா 2 விக்கெட் எடுத்து மூவர் நிற்பதை நாமே பல முறை பார்த்திருக்கிறோம்.

அப்போது என்ன ஆகும்? பல கடைகளில் ‘டெட் ஹீட்’ விதி. இருவர் சமம் என்றால் கட்டிய பணத்தில் பாதி ஜெயித்ததாகவும், மறுபாதி தோற்றதாகவும் கணக்கு. லார்ட்ஸ் இறுதி ஆட்டத்துக்கே வருவோம். வோக்ஸ் மீது ஒருவர் 4.00 விலையில் 10 பவுண்டு கட்டியிருந்தார் என்று வைத்துக்கொள்வோம். வோக்ஸ் 3 விக்கெட் எடுத்தார், அவரை யாரும் முந்தவில்லை. ஆனால் பிளங்கெட்டும் 3. ஆகவே 5 பவுண்டுக்கு மட்டும் 4.00 கிடைக்கும், கைக்கு வருவது 20, எதிர்பார்த்த 40 இல்லை. வேறு சில கடைகளில் விக்கெட் சமமானால் குறைவாக ரன் கொடுத்தவரே வெற்றியாளர். அந்த விதிப்படி 37 ரன் கொடுத்த வோக்ஸ், 42 கொடுத்த பிளங்கெட்டை முந்துகிறார். 40 பவுண்டும் முழுசாக வரும். அதே விதியில் நீஷம் 43, ஃபெர்குசன் 50. நீஷமுக்கு முழு வெற்றி, ஃபெர்குசன் மீது கட்டியவருக்கு ஒன்றுமில்லை. ஒரே ஆட்டம், ஒரே ஸ்கோர் அட்டை. கடையின் விதிப் பக்கத்தில் இருக்கும் ஒரு வரிதான் 20-ஐயும் 40-ஐயும் பிரிக்கிறது.

டெட் ஹீட் விதியை மட்டும் வைத்து மார்ஜின் கூடிவிடுவதில்லை. வெற்றியை இரண்டாகப் பங்கிட்டாலும் மொத்தம் ஒன்றுதானே. கணக்கு தவறுவது பந்தயம் கட்டுபவரின் மனத்தில். தனக்குப் பிடித்த பந்துவீச்சாளரின் கடைசிப் பத்து ஆட்டங்களை ஒருவர் எடுத்துப் பார்க்கிறார். நான்கில் அவர்தான் முதலிடம். பத்துக்கு நாலு என்றால் 3.00 விலை லாபம் என்று தோன்றும்; நூறு கட்டினால் 120 திரும்ப வேண்டும். ஆனால் அந்த நான்கில் இரண்டு முறை இன்னொருவரோடு சமம். சமமான ஆட்டத்தை அரை வெற்றி என்று எண்ணினால், பத்துக்கு மூன்றுதான். நூறு கட்டினால் திரும்புவது 90. லாபம் என்று நினைத்தது நஷ்டமாக மாறுகிறது. தொலைக்காட்சியும் புள்ளிவிவரப் பக்கங்களும் ‘அதிக விக்கெட் எடுத்தவர்’ என்று சொல்லும்போது சமத்தைப் பிரித்துச் சொல்வதில்லை. அதனால் இந்தத் தவறு எளிதில் நடக்கிறது.

அணியில் இருந்தும் களமிறங்காதவரின் கதை வேறு. ஏழாவதாக வர வேண்டியவர் காலில் பேடைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, முதல் மூவரே ஆட்டத்தை முடித்துவிடலாம். அவர் பதினொருவரில் ஒருவர் என்பதால் பொதுவான விதிப்படி பந்தயம் நிற்கும், பணம் போய்விடும். ஆடாதவருக்கு உள்ள பாதுகாப்பு, ஆட வாய்ப்பு வராதவருக்கு இல்லை.

இரண்டைச் சேர்த்தால்

இந்தப் பந்தயங்களைத் தனியாக விற்பதோடு கடைகள் நிற்பதில்லை. இந்த அணியில் இவர், அந்த அணியில் அவர் என்று இரண்டையும் சேர்த்துக் கட்டச் சொல்கிறார்கள். 4.00, 4.00 என்றால் இரண்டும் நடக்கும்போது ஒன்றுக்கு 16. அந்த 16 கண்ணைப் பறிக்கும். நம் பட்டியலில் ஒரு பந்தயத்துக்கு நூறுக்குச் சுமார் 81 திரும்புகிறது. அந்த 81-ல் மறுபடியும் நூறுக்கு 81-தான் திரும்பும் என்றால் மிஞ்சுவது 65. இரண்டு பெயரைச் சேர்த்ததும் கடையின் பங்கு 19-லிருந்து 35 ஆகிவிட்டது. விலைகள் பெருகும்போது அவற்றுக்குள் இருக்கும் மார்ஜினும் சேர்ந்தே பெருகும்.

இதையெல்லாம் கண்டுபிடிக்க ஒரே ஒரு வேலை போதும். பட்டியலில் உள்ள ஒவ்வொரு விலையாலும் 100-ஐ வகுத்து, வந்ததையெல்லாம் கூட்ட வேண்டும். ஒரு எச்சரிக்கை மட்டும். டாஸுக்கு முன் பதினான்கு, பதினைந்து பெயர்கள் இருக்கும். ஆடாதவர்களின் பணம் திரும்பிவிடும் என்பதால் அப்போது கூட்டினால் மார்ஜின் உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும். பதினொருவர் அறிவிக்கப்பட்ட பிறகு, அவர்களை மட்டும் வைத்துக் கூட்டினால் சரியான எண் கிடைக்கும்.

வில்லியம்சனா, நிக்கோல்ஸா என்பது ரசிகர்கள் பேசித் தீராத கேள்வி. அதில்தான் கிரிக்கெட்டின் சுவையே இருக்கிறது. அந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொல்ல அன்று லார்ட்ஸில் இருந்த யாராலும் முடிந்திருக்காது. பட்டியலின் கூட்டலுக்கு மட்டும் முதல் பந்து வீசுவதற்கு முன்பே பதில் உண்டு. வில்லியம்சன் முதலிடம் பிடித்திருந்தாலும், நிக்கோல்ஸ் பிடித்ததாலும், அந்த 124 மாறியிருக்காது.